முற்றம் கேட்டு ஒரு கடிதம்

அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் காலை உடற்பயிற்சி வகுப்பு நடத்த அனுமதி கேட்பவர்கள், உடல்நலத்தின் அருமையை அரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் இடம் கேட்கிறார்கள். சங்கச் செயலாளருக்கு அந்த அருமை தெரியும். அவருடைய கவலை, தூக்கம் கெட்டவர்கள் புகாரோடு வந்தால் என்ன பதில் சொல்வது என்பதுதான். முற்றம் எல்லா உரிமையாளர்களுக்கும் பொது. வகுப்புக்கு வராதவருக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் கடிதம் அவரை மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும்.

முதல் சிக்கல் சத்தம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். அப்போது திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விடிந்த பிறகும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு. சாதாரணப் பேச்சே கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும். ஆகவே பாட்டை மெதுவாக வைப்போம் என்பதைவிட, பாட்டே இல்லை என்று எழுதுவது நல்லது.

அடுத்தது இடம். கைகால் நீட்டிப் படுக்க ஒருவருக்கு 7 அடிக்கு 5 அடி வேண்டும். 15 பேருக்கு 525 சதுர அடி. இதை அளந்து எழுதினால், முற்றம் முழுவதும் போய்விடும் என்ற பயம் விலகும். தீயணைப்பு வண்டி வரும் பாதையை மட்டும் ஒருபோதும் கேட்கக் கூடாது.

கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். நம் குடியிருப்பைச் சேர்ந்த 15 பேர் திங்கள், புதன், வெள்ளி காலை 6.15 முதல் 7 மணி வரை உடற்பயிற்சி செய்ய விரும்புகிறோம். ஏ, பி பிளாக்குகளுக்கு நடுவே, வேப்பமரத்தை ஒட்டி, சுமார் 525 சதுர அடி போதும். வண்டிப் பாதைக்குக் குறுக்கே வரமாட்டோம். ஒலிபெருக்கி இருக்காது. வெளியார் வரமாட்டார்கள், கட்டணம் கிடையாது. பள்ளி வேன்கள் வருவதற்குள் இடத்தைக் கூட்டி ஒப்படைப்போம். யாருக்காவது காயம் ஏற்பட்டால் பொறுப்பு எங்களுடையது. சங்கத்தைக் கேட்க மாட்டோம். தரைத்தளத்தில் குடியிருக்கும் நான்கு வீட்டாரிடமும் பேசிவிட்டோம். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் அனுமதி தாருங்கள். இடைஞ்சல் இருந்தால் நிறுத்திவிடுகிறோம்."

இதில் அதிக எடை உள்ளது அந்த ஒரு மாதம்தான். நிரந்தர அனுமதிக்குத் தயங்கும் கமிட்டியும் சோதனைக்கு எளிதில் சம்மதிக்கும். தரைத்தள வீட்டாரிடம் பேசியதாக எழுதினால், உண்மையிலேயே பேசியிருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டார் 6.30-க்குத் தொடங்கச் சொன்னால் நேரத்தை மாற்றிவிட்டு எழுதுங்கள். கட்டணம் வாங்கும் பயிற்சியாளர் வெளியிலிருந்து வருவதாக இருந்தால் அதை மறைக்காதீர்கள். பொது இடத்தில் தொழில் நடப்பதாகப் பின்னால் தெரியவந்தால் அனுமதி அன்றே போய்விடும்.

சரி என்று வாய்மொழியாகச் சொன்னதோடு விடாமல், கமிட்டிக் கூட்டத்தின் மினிட்ஸ் நோட்டில் நாள், நேரம், இடத்தோடு தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். செயலாளர் மாறினாலும் அந்தப் பதிவு இருக்கும்.