வாடகை 3,000 ஏறினால் சம்பளம் எவ்வளவு ஏற வேண்டும்?

சென்னையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான். அது முடியும் தறுவாயில் வீட்டுக்காரர் புது வாடகையைச் சொல்வார். வேளச்சேரியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் மாதம் ரூ. 50,000. வாடகை 15,000, மளிகை, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 25,000. மிச்சம் 10,000, அதாவது சம்பளத்தில் 20 சதவீதம் சேமிப்பு. இப்போது வாடகை 18,000 ஆகிறது.

3,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது போதாது. சம்பளம் 53,000, செலவு 43,000 என்றால் மிச்சம் அதே 10,000தான். ஆனால் அது இப்போது சம்பளத்தில் 19 சதவீதத்துக்கும் கீழே. சேமிப்பு விகிதம் மாறக் கூடாதென்றால், கூடுதலாக வரும் சம்பளத்திலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தாக வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். 20 சதவீதம் சேமிப்பவருக்குச் செலவுக்கென்று இருப்பது சம்பளத்தில் 80 சதவீதம். ஆகவே புதுச் செலவான 43,000-ஐ 0.80-ஆல் வகுக்க வேண்டும். விடை 53,750. அதில் 20 சதவீதமான 10,750-ஐ எடுத்து வைத்தால், மீதி சரியாக 43,000. தேவையான உயர்வு 3,750 ரூபாய்; அதாவது 7.5 சதவீதம். மொத்தச் செலவும் அதே 7.5 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. வாடகை 20 சதவீதம் ஏறியதால் சம்பளமும் 20 சதவீதம் ஏற வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் 8 சதவீத இன்கிரிமென்ட் வந்தால் கவலையில்லையா? வாடகை மட்டுமே ஏறியிருந்தால் கவலையில்லை. வாடகையோடு பள்ளிக் கட்டணமும் மளிகையும் ஏறுவதுதான் வழக்கம். மற்றச் செலவு 25,000 வெறும் 5 சதவீதம் ஏறினாலே மொத்தம் 44,250 ஆகிவிடும். 8 சதவீத உயர்வில் சம்பளம் 54,000, மிச்சம் 9,750, சேமிப்பு 18 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. பழைய 20 சதவீதத்தைக் காப்பாற்ற ரூ. 55,300-க்குச் சற்று மேல் வேண்டும். அதனால் வாடகையை மட்டும் பார்க்காமல், கடந்த 2, 3 மாத வங்கிக் கணக்கைப் பார்த்து மொத்தச் செலவை எழுதிக்கொண்டு உட்காருவதே சரி. வீட்டுக்காரர் கூடுதல் அட்வான்ஸ் கேட்டால் அதை மாதச் செலவில் சேர்க்கக் கூடாது. அது ஒருமுறை கொடுத்துப் பின்னால் திரும்பப் பெறும் பணம்.

மேலதிகாரியிடம் பேசும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 3,750 என்பது கைக்கு வர வேண்டிய தொகை. அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதியாக இருந்து, அது முழுவதற்கும் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தால், உயரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 6 ரூபாய் அங்கே போய்விடும். அந்த நிலையில் கேட்க வேண்டியது ஏறக்குறைய ரூ. 3,990. நிறுவனம் ஆண்டுச் சம்பளத்தை சி.டி.சி. கணக்கில் சொன்னால், நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் அதற்குள்ளேயே இருக்கும் என்பதால் தொகை இன்னும் கூடும்.

இன்கிரிமென்ட் ஏப்ரலில் வந்து, வாடகை ஜூனில் ஏறினால் அடுத்த ஏப்ரல் வரை 10 மாதம் பழைய சம்பளத்தில் ஓட்ட வேண்டும். அந்த 10 மாதமும் சேமிப்பு 10,000-க்குப் பதில் 7,000தான், விட்டுப்போவது ரூ. 30,000.