ஒன்பது லட்சம், மாதம் எவ்வளவு?

வருஷம் ஒன்பது லட்சம் என்று ஆஃபர் லெட்டர் வந்தால் வீட்டில் முதலில் நடப்பது வகுத்தல் கணக்கு. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 75,000. அதை நம்பி வாடகைக்கு வீடு பார்க்கிறார்கள், வண்டிக்குத் தவணை போடுகிறார்கள். மாதக் கடைசியில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது: 55,700. வரியாகப் பிடித்துவிட்டார்கள் என்று அரசாங்கத்தைத் திட்டுவது அடுத்த கட்டம். இந்தச் சம்பளத்துக்கு ஒரு ரூபாய்கூட வருமான வரி கிடையாது என்பதுதான் வேடிக்கை.

அப்படியானால் மாதம் 19,300 ரூபாய் எங்கே போனது? விடை ஆஃபர் லெட்டரிலேயே இருக்கும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், அனெக்ஷர் என்ற தலைப்பின்கீழ், சின்ன எழுத்தில் ஓர் அட்டவணையாக. வேலை கிடைத்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் நிற்பதில்லை.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேரப்போகும் பெண் ஒருவருக்கு அப்படி ஓர் அட்டவணை வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே சிடிசி 9,00,000 என்று இருக்கிறது. சிடிசி என்பது அவருடைய சம்பளம் அல்ல. அவரை ஓராண்டு வேலையில் வைத்துக்கொள்ள நிறுவனம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் மொத்தச் செலவு. அதில் அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக், 4,50,000. வீட்டு வாடகைப் படி 2,16,000. ஸ்பெஷல் அலவன்ஸ் 56,400. இந்த மூன்றும்தான் மாதாமாதம் ரொக்கமாக வருபவை. கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் 60,200. மொத்தச் சம்பளம், கிராஸ் என்று சொல்வது இதைத்தான். அதாவது பிடித்தம் எதுவும் தொடங்குவதற்கு முன்பே 75,000 என்பது 60,200 ஆகிவிட்டது.

மிச்சமுள்ள வரிகள் நான்கு. வேரியபிள் பே 90,000. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 54,000. கிராஜுவிட்டி 21,645. குழுக் காப்பீட்டு பிரீமியம் 11,955. இவை நான்கும் ஒரே மாதிரி மறைவதில்லை. ஒன்று நிச்சயம் நம்முடையது, ஆனால் இப்போது கிடையாது. இரண்டு வந்தாலும் வரலாம். ஒன்று நம் கையைத் தொடப்போவதே இல்லை.

காப்பீட்டில் தொடங்கிவிடலாம், சொல்ல அதிகமில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் இவருக்கான பங்கை இவருடைய சிடிசியிலேயே எழுதிவிடுகிறார்கள். வீணான செலவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோருக்கும் அது பொருந்துமா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வரிக்கு மதிப்புப் போட வேண்டும். சில நிறுவனங்கள் இதைச் சிடிசிக்கு வெளியே வைத்துக் கொடுக்கின்றன.

கிராஜுவிட்டி கொஞ்சம் சுவாரசியமானது. ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்பது விதி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கு. மாத பேசிக் 37,500-ஐ 26-ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் ஏறக்குறைய 21,635 வரும். ஆண்டு பேசிக்கில் அது 4.81 சதவீதம். அட்டவணைகளில் அந்த 4.81 திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதன் காரணம் இதுதான். ஆனால் நிரந்தர ஊழியர் ஒருவர் இந்தத் தொகையைப் பெற, பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கேயே வேலை பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் விலகினால் அந்த வரி வெறும் எழுத்து. இந்தத் துறையில் ஐந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருந்தும் அதை ஆண்டுச் சம்பளத்தோடு கூட்டிக் காட்டுவது, என்னைக் கேட்டால், எண்ணைப் பெரிதாக்கும் வேலைதான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேருபவர்களுக்கு மட்டும் ஓராண்டு போதும்.

வேரியபிள் பே எனப்படும் 90,000 ரூபாயில்தான் ஏமாற்றம் அதிகம். இது மாதாமாதம் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ வரும். நிறுவனத்தின் அந்த ஆண்டு வருமானம் ஒரு பக்கம், மேலாளர் போடும் ரேட்டிங் இன்னொரு பக்கம் என இரண்டையும் பெருக்கித்தான் தொகை முடிவாகிறது. அட்டவணையில் அச்சாகியிருப்பது நூறு சதவீதம் கிடைத்தால் வரும் தொகை. கம்பெனிக்கு மந்தமான ஆண்டு என்றால் பாதி வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். இன்னொரு நிபந்தனையும் கூடவே இருக்கும்: பணம் கொடுக்கும் தேதியில் ஊழியர் பணியில் இருக்க வேண்டும். பல இடங்களில் ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருந்தாலும் கிடையாது. ஆண்டின் நடுவில் சேர்ந்தால் அந்த மாதங்களுக்கு மட்டும்தான் கணக்கு. எனவே எச்.ஆரிடம் கேட்க வேண்டியது வேரியபிள் உண்டா என்பதல்ல. இந்த கிரேடில் இருப்பவர்களுக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது பிஎஃப். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் இது சிடிசிக்குள் ஒருமுறையும் சம்பளப் பிடித்தத்தில் இன்னொருமுறையும் வருகிறது. பேசிக்கில் 12 சதவீதம் ஊழியர் செலுத்த வேண்டும். அதே அளவு நிறுவனமும் செலுத்த வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அது மாதம் 4,500. நிறுவனம் கட்டும் 4,500 சிடிசியிலேயே கழிந்துவிட்டது. இவர் பங்கான 4,500, மொத்தச் சம்பளமான 60,200-இலிருந்து பிடிக்கப்படுகிறது. மிச்சம் 55,700. குறுஞ்செய்தியில் வந்த எண் இதுதான்.

இந்தப் பணம் எங்கும் போய்விடவில்லை. மாதம் 9,000 அவர் பெயரில் சேர்கிறது. 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். ஆனால் எல்லா நிறுவனங்களும் முழு பேசிக்குக்குப் பிஎஃப் கட்டுவதில்லை. சட்டப்படி கட்டாயம் என்பது 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பு வரைதான். அதன் 12 சதவீதமான 1,800-ஓடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் நிறைய உண்டு. இந்த நிறுவனமும் அப்படிச் செய்திருந்தால், தன் பங்கில் மிஞ்சும் 2,700-ஐ ஸ்பெஷல் அலவன்ஸில் போடும். ஊழியரிடம் பிடிப்பதும் 2,700 குறையும். கையில் வருவது 61,100 ஆகும். சிடிசி அதே ஒன்பது லட்சம்தான். கைக்கு வருவதில் மட்டும் 5,400 ரூபாய் வித்தியாசம். எது லாபம் என்று ஒரே பதில் சொல்ல முடியாது. கல்விக்கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு ரொக்கம் வேண்டும். சேமிக்கும் பழக்கமில்லாதவருக்குப் பிஎஃப் நல்லது. எந்த முறை என்பதைச் சேரும்போதே கேட்டு முடிவு செய்ய வேண்டும், முழு பேசிக்குக்குக் கட்டத் தொடங்கியபின் குறைப்பது சுலபமல்ல.

பேசிக் ஏன் சரிபாதியாக இருக்கிறது என்று கேட்கலாம். முன்பு அதை முப்பது, நாற்பது சதவீதத்தில் வைத்துவிட்டு மீதியைப் படிகளாகக் கொடுப்பது வழக்கம். பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் பேசிக்கின் மேல்தானே கணக்கிடப்படுகின்றன. புதிய சட்டத் தொகுப்புகள், விலக்களிக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கொள்ளும். அதனால் பேசிக்கைப் பாதியாக வைத்துவிடுவது நிறுவனங்களுக்குத் தலைவலி இல்லாத வழி.

வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழில் வரியைச் சென்னையில் மாநகராட்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறது. இந்தச் சம்பளத்துக்கு அது 1,250. நிறுவனம் ஒரே மாதத்தில் மொத்தமாகப் பிடிப்பதால், ஆண்டில் இரண்டு மாதங்களில் 54,450 மட்டும் வரும்போது பதற வேண்டாம். வருமான வரியில், 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி சம்பளத்திலிருந்து 75,000 நிலையான கழிவு போக, வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி போக வரி இல்லை. இவருக்கு வேரியபிள் முழுதாக வந்தாலும் கழிவுக்குப் பின் 7,37,400-தான். வாடகை ரசீது கொடுத்து வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பதெல்லாம் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே.

முதல் பே ஸ்லிப் வந்ததும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் பிடித்தங்களின் பக்கம். அங்கே நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் இருந்தால், வருமானப் பக்கத்திலும் அதே தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத்திலும் இருந்தால் கணக்குக் காட்டும் முறைதான். பிடித்தத்தில் மட்டும் இருந்தால், நிறுவனத்தின் பங்கை உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று பொருள்; சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பதை யுஏஎன் எண்ணை வைத்துப் பிஎஃப் பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை மாறும்போது இந்த அட்டவணை இன்னும் முக்கியமாகிறது. இதே பெண் இப்போது ஏழரை லட்சம் சிடிசியில் இருக்கிறார் என்று வையுங்கள். அந்த நிறுவனம் வேரியபிள், கிராஜுவிட்டி, காப்பீடு எதையும் சிடிசியில் சேர்ப்பதில்லை, பிஎஃப் 1,800-தான். ஏழரை லட்சத்தில் நிறுவனத்தின் பிஎஃப் பங்கான 21,600-ஐக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்தால் 60,700. அவர் பங்கு 1,800 போக கையில் 58,900. அதாவது இருபது சதவீத உயர்வு என்று சொல்லி அழைக்கும் புதிய வேலையில் மாதம் 3,200 ரூபாய் குறைவாக வரும்!

பிஎஃப்பையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். பழைய இடத்தில் கைக்கு வருவதும் இரண்டு பங்கு பிஎஃப்பும் சேர்ந்து 62,500. புதிய இடத்தில் 64,700. நிச்சயமான உயர்வு மாதம் 2,200, அதாவது மூன்றரை சதவீதம் சொச்சம். மீதி, வந்தால் வரும் 90,000-இலும் இருந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டியிலும் கிடக்கிறது. இந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு எச்.ஆரிடம் பேசினால், வேரியபிளில் பாதியை நிலையான சம்பளத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கையெழுத்துப் போடும்வரை அதைக் கேட்க இடமுண்டு.