முப்பது நிமிடம், நான்கு காலை

தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு கிண்டியில் ஒரு கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 42 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டே கால் மின்சார ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஏழு மணிக்கு மேல் வீட்டில் குளியலறைக்கு வரிசை. ஆறு மணிக்கு எழுந்தால் ஆறரை முதல் ஏழு வரை முப்பது நிமிடம் அவருக்குச் சொந்தம். அதுவும் வாரத்தில் நான்கு நாள்தான். ஜிம்முக்குப் போய்வருவதற்கே அந்த நேரம் போய்விடும். அவரிடம் இருப்பது ஒரு முதுகுப்பை, நான்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு நாற்காலி, சமையலறை மேடை. இவற்றை வைத்து அவர் உருப்படியாக என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும் என்கிறது. அதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி வேண்டும். நம்மவரிடம் இருப்பது 120 நிமிடம். நடையை மட்டும் எடுத்துக்கொண்டால் தசைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே இரண்டு நாள் வலுப்பயிற்சி, இரண்டு நாள் நடை என்று பிரிப்பதே சரி. திங்களும் வியாழனும் வலு. செவ்வாயும் சனியும் நடை. வலுப்பயிற்சி நாள்கள் இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். நடையில் குறைகிற நிமிடங்களை ரயில் நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே வேகமாக நடந்து ஈடுகட்டலாம். தொடர்ந்து பத்து நிமிடம் நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அந்த வழிகாட்டுதலில் இல்லை.

வலுப்பயிற்சி நாள்

ஒரு முறை தண்டால் எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் இளைப்பாறி, மறுபடி எடுத்து மறுபடி இளைப்பாறினால், அரைமணிக்குள் எல்லாப் பயிற்சியையும் முடிக்க முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. பயிற்சிகளை ஜோடி ஜோடியாகச் செய்ய வேண்டும். கால் வேலை செய்யும்போது நெஞ்சும் கையும் ஓய்வெடுக்கும். கை வேலை செய்யும்போது கால் ஓய்வெடுக்கும்.

முதல் ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்க: நின்ற இடத்திலேயே நடை, தோள்களைச் சுழற்றுதல், மெதுவாக ஐந்தாறு தோப்புக்கரணம்.

முதல் ஜோடி தோப்புக்கரணமும் தண்டாலும். காதைப் பிடிக்க வேண்டாம். கைகளை முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் விளிம்பில் உட்காரும் அளவு தாழ்ந்து எழுந்தால் போதும். பத்து முறைக்கு நாற்பது விநாடி ஆகும். நாற்பது விநாடி மூச்சு வாங்கிவிட்டு, சமையலறை மேடையின் விளிம்பில் கையூன்றிச் சாய்வாக எட்டு தண்டால். தரையில் ஒரு தண்டால்கூட எடுக்க முடியாதவருக்கும் இது கைவரும். பிறகு ஐம்பது விநாடி ஓய்வு. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. மூன்று சுற்றுக்கு எட்டு நிமிடம்.

இரண்டாம் ஜோடிதான் மேசை முன் உட்கார்ந்தே இருப்பவருக்கு முக்கியமானது. அவருக்குத் தோள் முன்னால் சரிந்திருக்கும். இடுப்பின் பின்பக்கத் தசைகள் வேலையை மறந்திருக்கும். வீட்டுப் பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் தண்டாலோடு நின்றுவிடுகிறார்கள். தண்டால் தள்ளுகிற பயிற்சி. இழுக்கிற பயிற்சியும் வேண்டும். நான்கு பாட்டிலையும் நிரப்பிப் பைக்குள் வைத்தால் நான்கு கிலோ. ஒரு கையை நாற்காலியில் ஊன்றி முன்னால் சாய்ந்து, மறுகையால் பையை விலாவரை இழுத்து மெதுவாக இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்து.

அடுத்து, பையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து நிமிர்தல். கை நிறையப் பாத்திரம் இருக்கும்போது ஃபிரிட்ஜ் கதவைப் பின்னால் தள்ளி மூடுவோமே, அதே அசைவு. முழங்கால் சற்றே மடங்கியிருக்க, புட்டம் பின்னால் போக வேண்டும். முதுகு வளையாமல் பலகைபோல இருக்க வேண்டும். பை தொடையை ஒட்டியே முழங்கால் வரை இறங்கி ஏறட்டும். இதுவும் பத்து முறை. இழுப்புக்கு ஒரு நிமிடம், குனிதலுக்கு நாற்பது விநாடி, ஒவ்வொன்றுக்கும் பின் அரை நிமிட ஓய்வு என்று வைத்தால், இந்த ஜோடியின் மூன்று சுற்றுக்கும் எட்டு நிமிடம்தான்.

கடைசி நான்கு நிமிடம் பிளாங்க். முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி, உடலை நேர்கோட்டில் இருபது விநாடி தாங்கி, நாற்பது விநாடி ஓய்வெடுத்து, நான்கு முறை. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். மீதி ஐந்து, நாற்காலியை இழுத்துப் போடவும் முடிவில் நிதானமாக மூச்சுவிடவும்.

குனிதலை முதல் ஜோடியில் வைக்காததற்குக் காரணம் உண்டு. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும். எழுந்த கையோடு எடையைப் பிடித்து முன்னால் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும். எழுந்து அரைமணியாவது நடமாடிய பிறகு ஆரம்பிப்பதே முதுகுக்கு நல்லது. நம்மவர் ஆறுக்கு எழுந்து, பால் வாங்கி, காபி குடித்து, ஆறரைக்குத் தொடங்குவது அதனால்தான்.

நடை நாள்

செவ்வாய்க்கிழமை முப்பது நிமிடமும் ஒரே சீரான வேகநடை. வேகத்தை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் அது உலாவல்.

சனிக்கிழமை வேறு மாதிரி. ஐந்து நிமிடம் சாதாரண நடை. பிறகு ஒரு நிமிடம் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாத வேகம். இரண்டு நிமிடம் மெதுநடை. இப்படி ஆறு முறை செய்தால் பதினெட்டு நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்து முடிக்கலாம். ஓட விருப்பமில்லாதவர் அந்த ஒரு நிமிடத்துக்கு அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறலாம். முதல் இரண்டு வாரம் இதை விட்டுவிட்டு, சனிக்கிழமையும் சீரான நடையே நடக்கட்டும்.

நோட்டில் எழுதுங்கள்

முதல் இரண்டு வாரம் வலுப்பயிற்சியில் இரண்டு சுற்று மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று. ஒவ்வொரு சுற்றையும் இன்னும் இரண்டு முறை எடுக்கத் தெம்பிருக்கும்போதே நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு எட்டிவிட்டால் அந்தப் பயிற்சியை ஒரு படி கடினமாக்க வேண்டும்.

தண்டாலை மட்டும் பார்ப்போம். முதல் நாள் நோட்டில் ‘மேடை: 8, 7’ என்று எழுதுகிறார். மூன்றாம் வாரம் ‘8, 8, 7’. ஆறாம் வாரம் ‘12, 12, 12’. இப்போது மேடையை விட்டு, மாடிப்படியின் இரண்டாம் படியில் கையூன்றுகிறார். கை தாழத் தாழ, உடல் எடையில் கை தாங்கும் பங்கு கூடும். அன்று நோட்டில் ‘படி: 7, 6, 6’ என்று இறங்கும். இதைப் பார்த்து மனம் விட்டுப்போகக் கூடாது. கடினம் கூடியதால் எண் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். படியிலும் பன்னிரண்டு வந்த பிறகு தரை. தோப்புக்கரணத்தில் நாற்காலியை எடுத்துவிட்டு ஆழமாகத் தாழலாம். பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். பைக்கு மேலும் இரண்டு பாட்டில். எழுதி வைக்காதவர் மூன்று மாதம் கழித்தும் அதே எட்டில்தான் நிற்பார்.

ஒரு திங்கள் தவறினால் செவ்வாயன்று வலுப்பயிற்சியைச் செய்துவிட்டு, நடையைத் தள்ளிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பயிற்சியை ஒரே நாளில் திணிக்க வேண்டாம். காய்ச்சலோ கல்யாணமோ வந்து ஒரு வாரமே போய்விட்டால், திரும்பும் வாரம் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வலி சரி, எது தவறு?

முதல் பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் நெஞ்சும் கனத்து வலிக்கும், படியிறங்கும்போது தெரியும். அது தசைவலி. மூன்று நாளில் போய்விடும். முழங்காலிலோ தோள்மூட்டிலோ ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால் அது வேறு. அந்தப் பயிற்சியை அன்றைக்கு நிறுத்த வேண்டும். தோப்புக்கரணத்தில் எழும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். குனிதலின்போது இடுப்புத் தசைக்குப் பதில் நடுமுதுகு வலித்தால், பை உடலை விட்டு விலகியிருக்கும், இல்லையென்றால் முதுகு வளைந்திருக்கும். மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்தால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வேர்க்கலாம். காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுச் செய்வது என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டம் தராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவர் அரைமணி வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. மாலையில் அலுவலகக் கேன்டீனில் சாப்பிடும் ஒன்றிரண்டு வடையில் அது திரும்பி வந்துவிடும். தொப்பையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டுக்குத்தான். முப்பது நிமிடத்தில் கிடைப்பது வேறு: படியேறும்போது மூச்சு வாங்காத நெஞ்சு, சிலிண்டரைத் தூக்கினாலும் பிடித்துக்கொள்ளாத முதுகு.

இன்று ஞாயிறு என்றால், ராத்திரி படுக்கப் போகும் முன் பாட்டில்களை நிரப்பிப் பையில் வைத்து, நோட்டின் முதல் பக்கத்தில் தேதியை எழுதி வைத்துவிடுங்கள். காலையில் யோசிக்க ஆரம்பித்தால் அந்த முப்பதில் பத்து நிமிடம் அதற்கே போய்விடும்.