நகராத சாலையில் கொதிக்கும் இன்ஜின்

சென்ற மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூரைத் தாண்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய பேருந்துகளும் கார்களும் ஜி.எஸ்.டி. சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நடுவில் நான், பத்து வருடமாக ஓட்டும் என் 150 சிசி பைக்கில். அதன் இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. காற்று பட்டுத்தான் குளிர வேண்டும்.

முதல் இருபது நிமிடம் முழங்காலில் அனல் அடித்ததைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. அதன் பிறகு வண்டியின் குணம் மாறிக்கொண்டே வந்தது. நிற்கும்போது நியூட்ரல் விழ மறுத்தது. கிளட்சை முழுவதும் பிடித்திருந்தும் வண்டி முன்னால் போகத் துடித்தது. மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்த டேப்பெட் சத்தம் பக்கத்துப் பேருந்தின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பிக்கப் இல்லை. கடைசியாக எண்ணெய் தீயும் வாடை வந்ததும் ஓரம் கட்டி அணைத்தேன்.

வேகமாக ஓட்டினால்தான் இன்ஜின் சூடாகும் என்று பலரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. என் வண்டி நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஒரு லிட்டர் எரிகிறது. நெரிசலில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் ஊர்ந்து, மைலேஜ் முப்பதாக விழுந்தாலும், மணிக்குக் கால் லிட்டரைச் சற்றே தாண்டும். அதாவது நெரிசலில் உண்டாகும் வெப்பம், நெடுஞ்சாலையில் உண்டாவதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் நெடுஞ்சாலையில் சுகமாக ஓடும் வண்டி இங்கே கொதிக்கிறது. உள்ளே வரும் சூடு குறைந்துதான் போயிருக்கிறது. அது வெளியேறும் வழி அதைவிட அதிகமாக அடைபட்டுவிட்டது.

அந்த வழி, சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் உலோகத் தகடுகள். ஃபின் என்பார்கள். சூட்டைப் பரப்பிக் காற்றிடம் கொடுப்பது அவற்றின் வேலை. எடுத்துக்கொள்ளக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி நின்றால் தகடுகளுக்கு இடையில் தேங்கிய காற்றே மீண்டும் மீண்டும் சூடாகிறது. அதிலும் மே மாதத்து மாலையில் சுற்றியிருக்கும் கார்கள் ஏ.சி.யின் அனலை நம் பக்கம்தான் தள்ளுகின்றன. தகடுகளுக்கு நடுவே சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், அது இன்ஜினுக்குப் போர்வை.

பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்களும் காற்றால் குளிர்பவைதான். ஆனால் அவற்றின் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் விசிறி ஒன்று உள்ளே இருக்கிறது. வண்டி நின்றாலும் இன்ஜின் ஓடும்வரை அது காற்றைத் தகடுகள் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். பைக்குக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நெரிசலில் சூட்டைச் சுமக்கும் பாரம் எண்ணெயின் மேல் கூடுகிறது.

இன்ஜின் ஆயில் என்றால் தேய்மானத்தைக் குறைக்கும் வழவழப்பு மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. சூட்டைச் சுமப்பதும் அதன் வேலைதான். பிஸ்டனின் மேல்பகுதி நெருப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஃபின்னுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதன் சூட்டில் பெரும்பகுதி ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்குப் போகிறது. இன்னொரு பகுதியை, அடியிலிருந்து தெறிக்கும் எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. கிராங்க் பேரிங்கும் ஹெட்டுக்குள் இருக்கும் கேமும் ராக்கரும்கூட எண்ணெயை நம்பித்தான் இருக்கின்றன. பம்ப் அதை மேலே அனுப்புகிறது. சூட்டை ஏந்திக்கொண்டு அது அடித்தொட்டிக்கு வழிந்து இறங்குகிறது. அங்கே இன்ஜினின் அடிச்சுவர் வழியாகச் சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுபடி மேலே போகிறது. சூட்டைச் சுமப்பதில் எண்ணெய் தண்ணீரைவிட மட்டம்; ஒரே எடைக்குப் பாதி வெப்பத்தைத்தான் தாங்கும். ஆனால் பிஸ்டனுக்கு அடியிலும் பேரிங்குக்குள்ளும் தண்ணீரை விட முடியாது. எண்ணெய் போகும்.

நெரிசலில் இந்த எண்ணெய்க்கு இரண்டு இடைஞ்சல்கள். வண்டி நிற்கும்போது அடித்தொட்டியின் மேலும் காற்று படுவதில்லை. அதைவிடப் பெரியது கிளட்ச். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான்; கிளட்ச் தட்டுகள் அதிலேயே நனைந்து சுழல்கின்றன. முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகரும்போது தட்டுகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அந்தச் சூடு வேறெங்கும் போகாது, நேராக எண்ணெயில் இறங்கும். அன்று நான் ஒரு மணி நேரம் செய்தது அதைத்தான். பேருந்து இரண்டடி நகர்ந்தால் நானும் இரண்டடி நகர்ந்தேன்.

மறுநாள் காலை மெக்கானிக்கிடம் போனேன். என் வண்டியை ஆறேழு வருடமாகப் பார்ப்பவர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்:

"ஆயில் எப்ப சார் பார்த்தீங்க?"

"போன தடவை நீங்க மாத்தினப்பதாண்ணே."

மீட்டரைப் பார்த்தார். மாற்றி 4,500 கிலோமீட்டர் ஆகியிருந்தது. டிரெயின் போல்ட்டைக் கழற்றி, வழிந்த எண்ணெயை அளவுக் கோடு போட்ட பழைய ஆயில் கேனில் பிடித்தார். ஒரு லிட்டர் ஊற்றிய இடத்தில் 600 மில்லிதான் வந்தது. "வண்டி மேல தப்பு இல்ல சார், உள்ள சரக்கு இல்ல" என்றார்.

நாற்பது சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? எண்ணெயை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால், ஒரு லிட்டரைப் பத்து டிகிரி ஏற்றும் வெப்பம் 600 மில்லியைப் பதினேழு டிகிரி ஏற்றும். சுற்று சீக்கிரம் முடிவதால், தொட்டியில் தங்கி ஆறவும் நேரம் குறைவு. சூடு ஏற ஏற எண்ணெய் இளகி நீர்த்துப்போகிறது. மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். நீர்த்த எண்ணெயில் அழுத்தம் நிற்காது. நீர்த்த எண்ணெய் ரிங்கைத் தாண்டி மேலேறி எரிகிறது, அளவு இன்னும் குறைகிறது. நான் முகர்ந்த வாடை அதிலிருந்து வந்திருக்க வேண்டும். நியூட்ரல் விழாததும் வண்டி முன்னால் இழுத்ததும், சூட்டில் விரிந்த கிளட்ச் தட்டுகள் சரியாகப் பிரியாததால்.

கேனில் போட்டிருக்கும் 20W-50, 10W-30 என்ற எண்களில் இரண்டாவது, 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. ஐம்பது என்றால் முப்பதைவிடக் கெட்டி. அதற்காக எல்லோரும் ஐம்பதுக்கு மாறுவது சரியல்ல. குறுகலான எண்ணெய்ப் பாதைகளோடு வடிவமைத்த இன்ஜினில் கெட்டி எண்ணெய் போய்ச் சேரவே தாமதமாகும். கையேட்டில் உள்ள எண்தான் உங்கள் வண்டிக்கு. அதோடு JASO MA அல்லது MA2 என்ற குறியும் கேனில் இருக்க வேண்டும். கிளட்ச் நனையும் எண்ணெய்க்கான தரக்குறி அது. காரில் மிஞ்சிய எண்ணெயை ஊற்றினால் அதிலுள்ள வழுக்கும் சேர்மங்களால் கிளட்ச் வழுக்கக்கூடும். வழுக்கும் கிளட்ச் இன்னும் சூடாகும். சரியான எண்ணெயும் கியர்ப் பற்கள் நசுக்கிக்கொண்டே இருப்பதால் நாளடைவில் கெட்டித்தன்மையை இழக்கும். அளவு சரியாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும் என்பது இதனால்தான். கறுத்துவிட்டதை மட்டும் வைத்து எண்ணெய் கெட்டது என்று சொல்ல முடியாது. அழுக்கை வாங்கிக்கொள்வதும் அதன் வேலையே.

அளவு பார்க்கச் சில நிமிடங்கள் போதும். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கலாம். திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்கும்படி பல கையேடுகள் சொல்கின்றன. திருகினால் குச்சி ஆழமாக இறங்கி, அளவு இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். சில வண்டிகளில் கண்ணாடி வட்டமே இருக்கிறது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கூடாது. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை சூட்டைச் சுமக்காது.

நெரிசலில் மாட்டிக்கொண்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் செய்ய முடிவது பலன் தரும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடைவெளி விழும்வரை நியூட்ரலில் காத்திருந்து, பிறகு கிளட்சை முழுவதும் விட்டு நகரலாம். சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் எண் தெரிந்தால் அணைத்துவிடலாம். டேப்பெட் சத்தம் கூடி, இழுவையும் குறைந்தால் யோசிக்காமல் நிறுத்த வேண்டும். அலுமினியப் பிஸ்டன் இரும்பு உறையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே இருப்பதோ ஒரு தலைமுடியின் பருமனுக்கும் குறைந்த இடைவெளி. அது மூடிவிட்டால் பிஸ்டன் ஜாம். நிறுத்திய பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் ஹெட் கோணிப்போகும், ஃபின் விரிசல் விடும். நிழலில் அரை மணி நேரம் விட்டால் தானே ஆறும்.

ஆயில் கூலர் வைத்த வண்டியானால் இந்தக் கவலை இல்லையா என்று கேட்கலாம். 1985இல் சுசூகி, ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 பைக்கில் எண்ணெயைப் பிஸ்டனுக்கு அடியிலும் எரியறைக் கூரை மேலும் பீய்ச்சிக் குளிர்வித்து, ரேடியேட்டர் இல்லாமலே பெரிய இன்ஜினை ஓட்டிக் காட்டியது. இங்கே ராயல் என்ஃபீல்டின் 650 வண்டிகளிலும் முன்பக்கம் சிறு ரேடியேட்டர் போல ஆயில் கூலர் இருக்கிறது. எண்ணெய் கூடுதலாகப் பிடிப்பதால் அது மெதுவாகச் சூடாகும்; சாலை திறந்ததும் சீக்கிரம் ஆறும். ஆனால் விசிறி இல்லாத கூலரும் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. நகராத சாலையில் அதுவும் நிற்கிறது.

என் வண்டிக்கு அன்று புது எண்ணெய் ஊற்றி, ஃபின்களைத் தூரிகையால் தேய்த்துக் கழுவினோம். நியூட்ரல் சுலபமாக விழுந்தது, டேப்பெட் சத்தமும் அடங்கியது. மெக்கானிக் மட்டும் சமாதானமாகவில்லை. "ஆயிரம் கிலோமீட்டர்ல ஒரு தடவ காட்டுங்க சார்" என்றார். காட்டினேன். முன்பு அந்தத் தூரத்துக்கு நூறு மில்லிக்குள் குறைந்திருக்கும். இப்போது 250 மில்லி போயிருந்தது, காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகையும் வந்தது. இன்ஜினை இறக்கிப் பார்த்தபோது பிஸ்டன் பக்கவாட்டில் நீளவாக்கில் கீறல்கள், எண்ணெய் வழிக்கும் ரிங் தீய்ந்து பள்ளத்திலேயே ஒட்டியிருந்தது. பிளாக் போரிங்குக்குப் போயிருக்கிறது.