மவுஸைத் தொடாமலே வீடியோ எடிட்டிங்... ஒரு ஃபிரேம்கூட மிஸ் ஆகாது!

ஆச்சி வத்தக்குழம்பு வைக்கிறதை மொபைலில் எடுத்துட்டீங்க. லேப்டாப்பில் போட்டுப் பார்த்தா, ``தண்ணி ஊத்தணும்''னு சொல்லிட்டு, கரண்டியைத் தேடி, ரெண்டு விநாடி கழிச்சுத்தான் ``புளி...''னு ஆரம்பிக்கிறாங்க. அந்த இடைவெளியை வெட்டணும். மவுஸால் கத்தி டூலை எடுத்து வெட்டினா, ஒண்ணு `ஊத்தணும்' `ஊத்தணு' ஆகிடுது, இல்லைன்னா கரண்டி தேடுற காட்சி ஒரு நொடி எட்டிப் பார்க்குது.

காரணம் சிம்பிள். மொபைல் வீடியோ பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம். அதாவது, ஒரு ஃபிரேம் என்பது ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. டைம்லைனை ஜூம் செய்யாமல், மவுஸால் அவ்வளவு சின்ன இடத்தில் நிற்பது கஷ்டம். கீபோர்டு சரியாக அங்கேயே நிறுத்தும். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். கீழே இருப்பவை விண்டோஸ் கீகள். மேக் வைத்திருப்பவர்கள் Ctrl-க்குப் பதில் Command-ஐ அழுத்துங்கள்.

வலது கை எங்கே இருக்கணும்?

மூன்று விரல்களை J, K, L மேல் வையுங்கள். L அழுத்தினால் வீடியோ ஓடும், K நிறுத்தும், J பின்னோக்கி ஓட்டும். L-ஐ இரண்டு முறை தட்டினால் இரட்டை வேகம். K-வுக்கு மேலே I, L-க்கு மேலே O. முதலாவது `இங்கிருந்து', இரண்டாவது `இதுவரைக்கும்' என்று குறிக்கும் கீகள். கீழே M இருக்கிறது. அது அடையாளப் புள்ளி வைக்க. கையை நகர்த்தவே வேண்டாம்.

ஒரு ஃபிரேம் மட்டும் நகர வேண்டுமா? இடது, வலது அம்புக்குறிகளைத் தட்டுங்கள். Shift-உடன் சேர்த்துத் தட்டினால் ஒரு விநாடி தாவும்.

முதல் சுற்று: வெட்டாதீங்க, குறிங்க

வீடியோவை L-இல் ஓட விடுங்கள். `இது வேண்டாம்' என்று தோன்றும் இடத்தில் எல்லாம் M தட்டுங்கள். வீடியோ நிற்காது, டைம்லைனில் புள்ளி விழும். உங்கள் கை எப்போதும் கொஞ்சம் லேட்டாகத்தான் தட்டும். அதனால், புள்ளி விழுந்த இடம் வெட்ட வேண்டிய இடம் அல்ல, பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. கடைசிவரை பார்த்து முடித்ததும், Shift + மேல் அம்பு, Shift + கீழ் அம்பு மூலம் ஒவ்வொரு புள்ளிக்கும் தாவலாம்.

இரண்டாவது சுற்று: ஆச்சியின் அந்த ரெண்டு விநாடி

ரிசால்வ் டைம்லைன் 01:00:00:00 என்ற எண்ணில் தொடங்கும். மணி, நிமிடம், விநாடி, கடைசியில் ஃபிரேம். முன்னால் இருக்கும் ஒரு மணி நேரத்தைக் கண்டுக்காதீங்க.

`ஊத்தணும்' முடியும் இடத்துக்குப் போகிறோம். ஒலி அலையைப் பார்த்தால் 41-வது விநாடி, 9-வது ஃபிரேமிலேயே அடங்கிய மாதிரி தெரிகிறது. அங்கே வெட்டினால்தான் `ஊத்தணு' ஆகும். ஏன்னா `ம்' வாயை மூடிச் சொல்லும் மெல்லிய ஒலி. அலையில் சின்னதாகத்தான் தெரியும், காதுக்குக் கேட்கும். அம்புக்குறியை ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிக் கேளுங்கள் (சத்தம் வரலைன்னா Shift+S). 41:12-இல்தான் முழு அமைதி. அங்கே I.

அடுத்து `புளி'. `ப' வெடித்துக் கேட்பது 43:08-இல். ஆனால், அதற்கு முன்பே ஆச்சி உதட்டை மூடிவிடுகிறார். அந்த அசைவையும் வைத்துக்கொள்ள மூன்று ஃபிரேம் முன்னால் போகிறோம். ஆக, நமக்குத் தேவையான வீடியோ 43:05-இல் தொடங்குகிறது.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குவார்கள். 43:05-இல் நின்று O அழுத்தினால், அந்த 43:05 ஃபிரேமும் சேர்ந்தே போய்விடும். O என்பது `இந்த ஃபிரேம் உட்பட' என்று அர்த்தம். அதனால், இடது அம்பை ஒரு தட்டு தட்டி, 43:04-இல் O அழுத்துங்கள். இப்போது Delete. 53 ஃபிரேம்கள் காலி, பின்னால் இருப்பது தானாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். 

I, O வேண்டாம், வெட்டணும்னா?

Ctrl+B அழுத்தினால், நிற்கும் இடத்தில் கிளிப் இரண்டாகும். ஆனால், இதன் கணக்கு வேறு. ஸ்கிரீனில் தெரியும் ஃபிரேமுக்கு முன்னால் வெட்டு விழும். அதாவது, நீங்கள் பார்க்கும் ஃபிரேம் அடுத்த துண்டின் முதல் ஃபிரேம் ஆகிவிடும். எனவே, 41:12-இல் ஒரு Ctrl+B, 43:05-இல் ஒரு Ctrl+B. இங்கே ஒரு ஃபிரேம் பின்னால் போகத் தேவையில்லை. வெட்டிய பிறகு இடது அம்பை ஒருமுறை தட்டினால் நடுத்துண்டுக்குள் வந்துவிடுவீர்கள். Shift+V அதைத் தேர்வு செய்யும். Delete அதை நீக்கும். அதே 53 ஃபிரேம்தான்.

எது பெஸ்ட்? நீக்க மட்டும்தான் என்றால் I, O. துண்டை வேறு இடத்துக்கு மாற்றணும், அதற்கு மட்டும் கலர் மாற்றணும் என்றால் Ctrl+B.

முடிந்ததும் மேல் அம்பு, கீழ் அம்பு மூலம் அந்த ஒட்டுக்கு வந்து, Shift + இடது அம்பை இரண்டு முறை தட்டி, L-இல் ஓட்டிப் பாருங்கள். வார்த்தை கடிபட்டிருந்தால் Ctrl+Z இருக்கவே இருக்கு.

எங்கே சொதப்பும்?

*கறுப்பு இடைவெளி விழுதா?* Delete-க்குப் பதில் Backspace அழுத்தியிருப்பீர்கள். அது நீக்கும், ஆனால் இடத்தைக் காலியாக விட்டுவிடும். மேக் லேப்டாப்பில் Fn + Delete-தான் நமக்கு வேண்டிய Delete.

*I, O குறித்தும் வேறு கிளிப் முழுசா போயிடுச்சா?* அது ஏற்கெனவே தேர்வாகி இருந்திருக்கும். Delete அதற்குத்தான் முதலிடம் தரும். குறிப்பதற்கு முன் Ctrl+Shift+A அழுத்தி எல்லாத் தேர்வையும் எடுத்துவிடுங்கள். பழைய I, O குறிகளை அழிக்க Alt+X.

*J, K, L எதுவுமே வேலை செய்யலையா?* வாட்ஸ்அப்பில் தமிழில் டைப் செய்துவிட்டு அப்படியே வந்திருக்கிறீர்களா? கீபோர்டு தமிழில் இருந்தால் ஒற்றை எழுத்து ஷார்ட்கட்கள் படுத்துக்கொள்ளலாம். Windows + Space அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கீ வேலை செய்தும் டைம்லைனில் குறி விழவில்லை என்றால், நீங்கள் மூல வீடியோவைப் பார்க்கும் திரையில் இருக்கலாம். Q தட்டினால் டைம்லைனுக்கு மாறும்.

*ஃபிரேம் ஃபிரேமாகப் போகும்போது அசைவு தாவுதா?* ரிசால்வ் புது புராஜெக்ட்டை 24 ஃபிரேமில்தான் திறக்கும். உங்கள் வீடியோ 30. முதல் கிளிப்பைக் கொண்டு வரும்போது `ஃபிரேம் ரேட் மாற்றவா' என்று கேட்கும். Change கொடுங்கள். டைம்லைன் போட்ட பிறகு இதை மாற்ற முடியாது.

*பாட்டு துண்டு துண்டாகிடுச்சா?* I, O போட்டு Delete செய்தால், அதே நேரத்தில் கீழே இருக்கும் இசையும் வெட்டுப்படும். அதனால் பேச்சை முழுசாக வெட்டி முடித்த பிறகு, கடைசியில் இசையைச் சேருங்கள்.

நீங்கள் வேறு மென்பொருளில் எடிட் செய்கிறீர்களா? பிரீமியர் புரோவிலும் J, K, L, I, O, M இவையேதான். வெட்ட மட்டும் Ctrl+K. அங்கே Shift + அம்புக்குறி ஒரு விநாடி அல்ல, 5 ஃபிரேம் தாவும். அதை மறந்து தட்டினால், ஆச்சியின் `ம்' திரும்பவும் காணாமல் போகும்!