காந்தம் நிரம்பிய இண்டக்டர்

12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றில் 10 மைக்ரோஹென்றி இண்டக்டர் இருக்கிறது. ஸ்விட்ச் ஆன் ஆகும்போது அதன் மீது 7 வோல்ட் விழும். மின்னோட்டம் மைக்ரோசெகண்டுக்கு 0.7 ஆம்பியர் வீதம் சீராக ஏறும்.

கம்பிச்சுருளுக்குள் இருக்கும் ஃபெரைட்டின் நுண்ணிய காந்தப் பகுதிகள் மின்னோட்டம் கூடக்கூட ஒரே திசைக்குத் திரும்புகின்றன. காந்தப்பாயத்தைப் பெருக்குவது அவைதான். ஏறத்தாழ எல்லாமே திரும்பிவிட்டால், மேலும் மின்னோட்டம் தந்தாலும் பாயம் அதிகம் கூடாது. கூடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் பாயம் எவ்வளவு கூடுகிறது என்பதே இண்டக்டன்ஸ். ஆகவே அது சரிகிறது.

அது 2 மைக்ரோஹென்றியாகச் சரிந்தால் ஏற்றம் 3.5 ஆம்பியராகிறது. ஏறும் மின்னோட்டம் கோரை இன்னும் நிரப்ப, சரிவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்கிறது. ஸ்விட்ச் சூடேறி எரிவது இப்படித்தான். ஆஸிலோஸ்கோப்பில் இது தெளிவாகத் தெரியும்: நேர்க்கோட்டு முக்கோணமாக இருக்கவேண்டிய அலை, நுனியில் மேல்நோக்கி வளைந்து கூர்மையாகும்.

எனவே சராசரி மின்னோட்டத்தை மட்டும் பார்த்து இண்டக்டரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, உச்சத்தைப் பார்க்கவேண்டும். ஃபெரைட் சூடானால் இன்னும் சீக்கிரம் நிரம்பும். இரும்புத்தூள் கோரில் சரிவு மெதுவாக வரும். பதிலுக்கு வெப்ப இழப்பு அதிகம்.