உள்ளே இருப்பவரெல்லாம் நம்மவரா?

2013 நவம்பரில், டார்கெட் என்ற அமெரிக்கச் சில்லறைக் கடைச் சங்கிலியின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். நுழைவதற்குப் பூட்டு எதையும் உடைக்கவில்லை. டார்கெட்டுக்குக் குளிர்சாதன வேலை செய்துவந்த சிறு நிறுவனம் ஒன்றின் பாஸ்வேர்டு அவர்களிடம் இருந்தது. அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏறியிருந்த திருட்டு மென்பொருள் அதைப் பிடித்துக் கொடுத்திருந்தது.

பில் அனுப்பவும் ஒப்பந்தத் தாள்களைச் சமர்ப்பிக்கவும் கொடுக்கப்பட்ட பாஸ்வேர்டு அது. ஏ.சி. பார்க்கிறவருக்குக் கல்லாப் பெட்டியில் என்ன வேலை? ஆனாலும் உள்ளே வந்தவர்கள் அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து, கடைகளில் பில் போடும் கருவிகள்வரை போய்விட்டார்கள். வாடிக்கையாளர் கார்டைத் தேய்த்த நொடியில் அதன் விவரங்களைப் பிரதி எடுக்கும் மென்பொருளை அவற்றில் ஏற்றினார்கள். ஏறத்தாழ 4 கோடி கார்டுகளின் விவரங்கள் பறிபோயின. எச்சரிக்கை மணி அடித்தும் யாரும் உரிய நேரத்தில் எழுந்து பார்க்கவில்லை என்பது தனிக் கதை.

கவனிக்க வேண்டியது திருடர்கள் வாசலைத் தாண்டியதை அல்ல, தாண்டியபின் அவர்களை யாரும் எதுவும் கேட்காததை. வெளியிலிருந்து வருவது சந்தேகத்துக்குரியது, உள்ளே இருப்பது நம்முடையது என்ற கணக்கில்தான் பெரும்பாலான அலுவலக நெட்வொர்க்குகள் அமைந்திருக்கின்றன. ஃபயர்வால் வாங்குகிறோம், வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கு வி.பி.என். கொடுக்கிறோம். அந்தக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டால் பிரிண்டர், பில்லிங் சர்வர், சம்பளக் கணக்கு எல்லாம் ஒரே கூடத்தில் திறந்து கிடக்கின்றன.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் முறைக்கு ‘ஜீரோ டிரஸ்ட்’ என்று பெயர். 2010-இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் இந்தப் பெயரைப் பரப்பினார். ஊழியர்களை நம்பாதே என்று முதலாளிகள் இதற்குப் பொருள் கொண்டுவிடுகிறார்கள், அது தவறு. நெட்வொர்க்கில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பாதே என்பதே விஷயம். வங்கிக்குள் யாரும் நுழையலாம். அதற்காக லாக்கர் திறந்துவிடாது. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும், வங்கியின் சாவியும் உங்கள் சாவியும் சேர வேண்டும், திறப்பதும் உங்கள் லாக்கர் ஒன்றுதான்.

கூகுள் இதைத் தன் அலுவலகத்திலேயே செய்துகாட்டியது. 2009-இல் தன் நெட்வொர்க்குக்குள் ஊடுருவல் நடந்ததை அடுத்த ஆண்டு ஜனவரியில் அது வெளியே சொன்னது. பிறகு சில ஆண்டுகளில் ‘பியாண்ட்கார்ப்’ என்ற ஏற்பாட்டுக்கு மாறியது. தலைமையகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊழியரும், காபிக் கடையில் லேப்டாப்பைத் திறந்தவரும் அதில் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள். அலுவலகக் கட்டடத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

இது உங்கள் அலுவலகத்தில் எப்படி நடக்கும்? இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கணக்காளர் சம்பளப் பட்டியலைத் திறக்கிறார். அந்தக் கோப்பு இருக்கும் சேவை முதலில் ஆளைச் சரிபார்க்கிறது: பாஸ்வேர்டு சரியா, கைப்பேசியில் உறுதிப்படுத்தினாரா? அடுத்து கருவி: இது நிறுவனம் பதிவு செய்த லேப்டாப்தானா, அப்டேட் போட்டிருக்கிறதா, டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா? கடைசியாக, இவர் வேலைக்கு இந்தக் கோப்பு தேவைதானா? எல்லாம் சரி என்றால் கோப்பு திறக்கிறது. பக்கத்திலிருக்கும் கொள்முதல் ஒப்பந்தங்கள் திறக்காது. அவை அவருக்கானவை அல்ல.

அன்று இரவே அவர் மைத்துனரின் லேப்டாப்பிலிருந்து அதே கோப்பைத் தேடுகிறார். பாஸ்வேர்டு சரி, கைப்பேசியும் கையில் இருக்கிறது. ஆனாலும் திறக்காது, கருவி பதிவில் இல்லை. மறுவாரம் சேலத்தில் லாட்ஜ் அறையில் தன் அலுவலக லேப்டாப்பை விரிக்கிறார்; உடனே திறக்கிறது, வி.பி.என். தொல்லை இல்லை. கெடுபிடி என்று நினைத்த ஏற்பாடு வெளியூர் வேலையைச் சுலபமாக்குவதும் உண்டு.

பிரிண்டர், சி.சி.டி.வி. ரெக்கார்டர் போன்றவற்றால் தாங்கள் யார் என்று இப்படி நிரூபிக்க முடியாது. அவற்றைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி, அங்கிருந்து பில்லிங் சர்வருக்குப் போகும் வழியை அடைத்துவிட வேண்டும். விருந்தினர் வைஃபையும் அப்படித்தான்.

உங்கள் நிலைமை என்ன என்று அறிய ஒரு சோதனை போதும். நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒரு லேப்டாப்பை அலுவலக வைஃபையில் இணைத்து, நெட்வொர்க்கில் என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். பொது ஃபோல்டர் கேள்வியில்லாமல் திறந்தால், சி.சி.டி.வி. ரெக்கார்டர் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே ஏற்றுக்கொண்டால், டார்கெட்டின் கூடம் உங்களிடமும் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது, வேலை நின்றுவிடும். நானாக இருந்தால் மின்னஞ்சலில் தொடங்குவேன். மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் அதன் வழியாகத்தானே மாற்றிவிட முடிகிறது! ஆளுக்கொரு கணக்கு, எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. ‘அட்மின்’ என்ற பெயரில் நான்கு பேர் பங்குபோட்டுக்கொள்ளும் கணக்கு இருக்கும்வரை யார் என்ன செய்தார் என்பதே தெரியாது, பிறகு எதைச் சோதிப்பது? அதற்கடுத்து, பில்லிங் மென்பொருள்காரர் தூரத்திலிருந்து நுழைய எப்போதும் திறந்து வைத்திருக்கும் வழி. அவர் கேட்கும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். கருவியைச் சோதிக்கும் வசதிக்குக் கொஞ்சம் செலவாகும்: மைக்ரோசாஃப்ட் 365-இல் அது பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் வருகிறது, மலிவான பேசிக் திட்டத்தில் இல்லை.

இதற்கும் ஓட்டை உண்டு. 2022-இல் ஊபர் நிறுவனத்துக்கு ஒப்பந்த வேலை பார்த்த ஒருவரின் பாஸ்வேர்டு கசிந்தது. திருடர் திரும்பத் திரும்ப உள்நுழைய முயல, அந்த மனிதரின் கைப்பேசிக்கு ‘அனுமதிக்கவா?’ என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. பலமுறை மறுத்தவர் கடைசியில் ஒருமுறை அனுமதித்துவிட்டார். வெறும் ‘சரி’ பொத்தானை விட, திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் அடிக்கச் சொல்லும் முறை மேல். யு.எஸ்.பி.யில் செருகும் பாதுகாப்புச் சாவி அதைவிட உறுதியானது. போலி இணையதளத்தில் அது வேலை செய்யாது. மிகப் பழைய மென்பொருள்களுக்கு இவை எதுவும் ஒத்துவராது. மாற்றும்வரை அவற்றையும் தனி நெட்வொர்க்கில் அடைத்துவைக்கத்தான் வேண்டும்.

‘ஜீரோ டிரஸ்ட் பெட்டி’ என்று ஒன்றை விற்க யாராவது வந்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐந்து மணிக்கு ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். மின்னஞ்சல், பில்லிங், கோப்புகள் மூன்றும் அவருக்கு எத்தனை மணிக்கு அடைபடும், அடைபட்டதை நான் எங்கே பார்ப்பது?” நல்ல ஆள் உங்கள் ஊழியர் பட்டியலையும் கருவிகளின் பட்டியலையும் முதலில் கேட்பார். பட்டியல் எதுவும் வேண்டாம், பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.